கணக்கு டீச்சரின் புது ரெஸ்யூமே

என் தங்கையின் தோழி திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் 11 ஆண்டுகள் கணக்கு டீச்சராக இருந்தவர். கம்பெனிகளில் ஊழியர்களுக்கான பயிற்சிகளை ஒருங்கிணைக்கும் வேலைக்கு மாற நினைத்து, பதினைந்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டார். ஓரிடத்திலிருந்தும் போன் வரவில்லை. ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று எனக்கு அனுப்பினார்.

மேலே, சவாலான பணியில் சேர்ந்து வளர விரும்புவதாக ஒரு குறிக்கோள். அதன் கீழே பட்டங்கள். பிறகு, '9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன்' என்று இரண்டு வரி. கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணமானவர் என்ற தகவல், எல்லாம் உண்மை என்ற உறுதிமொழி. கட்டுக்கட்டாக ரெஸ்யூமே பார்ப்பவர் முதல் பக்கத்தின் மேல்பாதியில்தான் முடிவெடுப்பார். அங்கே அவர் கண்ணில் படுவது 'டீச்சர்' மட்டும்தான்.

அதைத் திருத்துவதற்கு முன், அவர் விரும்பும் வேலைக்கான ஆறு விளம்பரங்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் கோடிடச் சொன்னேன். மூன்று விஷயங்கள் தேறின: பயிற்சிக்கு அட்டவணை போடுவது, புதிதாகச் சேர்ந்தவர்களைப் பழக்குவது, பயிற்சியால் என்ன பலன் என்று கணக்குக் காட்டுவது. இந்த மூன்றும் ரெஸ்யூமேயில் தலைப்புகள் ஆயின. தலைப்பு நம் மனதிலிருந்து வரக் கூடாது, வேலை கொடுப்பவரின் வாயிலிருந்து வர வேண்டும்.

தலைப்பின் கீழ் எதை எழுதுவது? பாடம் நடத்தியது தவிர வேறென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "டைம்டேபிள் போடுவேன். அதெல்லாம் ஒரு வேலையாண்ணா?" என்றார். கிளறியபோது தெரிந்தது: 28 செக்‌ஷன், 42 ஆசிரியர்களுக்கு ஐந்து ஆண்டுகளாக அவர்தான் அட்டவணை போட்டிருக்கிறார். காலையில் யாராவது லீவு சொன்னால், முதல் மணி அடிப்பதற்குள் மாற்று ஆள் போட வேண்டியதும் அவர் பொறுப்பு. 'டைம்டேபிள் பொறுப்பு' என்று எழுதினால் இது பள்ளிக்கூட விஷயம். '42 பேருக்கும் 28 குழுக்களுக்கும் ஆண்டு அட்டவணை தயாரித்து, அன்றாட மாற்றங்களைக் காலையிலேயே சரிசெய்தேன்' என்று எழுதினால் பயிற்சித் துறைக்காரருக்குத் தன் வேலை அதில் தெரியும். செய்த வேலை, அதன் அளவு, அதனால் நடந்தது, இந்த மூன்றும் ஒரே வரியில் இருந்தால் போதும்.

பலன் காட்டும் தலைப்பில் சிக்கல் வந்தது. பள்ளியின் நூறு சதவீதத் தேர்ச்சியைப் போட ஆசைப்பட்டார். வேண்டாம் என்றேன். அது பள்ளியின் சாதனை. இவர் பங்கு எவ்வளவு என்று நேர்காணலில் கேட்டால் பதில் இல்லை. ஓராண்டு காலாண்டுத் தேர்வில் கணக்கில் தவறிய 31 பேருக்கு வாரத் தேர்வு வைத்து, மதிப்பெண்ணை எக்செல்லில் குறித்து, அவர்களில் 26 பேரை அரையாண்டில் தேர்ச்சி பெற வைத்திருக்கிறார். அதைப் போட்டோம். எப்படி என்று அரை மணி நேரம் பேச அவரிடம் விஷயம் இருந்தது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். திறன்களை மேலே வைக்கும் உற்சாகத்தில் எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்பதையே விட்டுவிடுகிறார்கள். படிப்பவருக்கு உடனே சந்தேகம்: எதை மறைக்கிறார்? அதனால் ஒவ்வொரு சாதனையின் முடிவிலும் இடத்தையும் ஆண்டையும் சுருக்கமாகப் போட்டு, அடுத்து வேலை வரலாற்றைத் தேதிகளுடன் தனியாகக் கொடுத்தோம். பிரசவத்துக்காக வேலையை விட்டு ஏழு மாதம் கழித்து வேறு பள்ளியில் சேர்ந்ததையும் ஒரே வரியில் சொன்னோம். வேலை கொடுக்கும் முன் பல நிறுவனங்கள் ரிலீவிங் லெட்டரையும் பி.எஃப். கணக்கில் உள்ள பணிக்காலத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால், தேதியில் பூச்சு வேலை எடுபடாது.

வடிவத்தில் ஒரே எச்சரிக்கை. பல நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் படிப்பது மென்பொருள். இரண்டு பத்தி, கட்டம், படம் என்று அலங்கரித்தால் அது வரிகளைக் கலந்து படித்துவிடலாம். ரெஸ்யூமே முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குழம்பினால் மென்பொருளுக்கும் குழம்பலாம்.

இந்த வடிவம் எல்லோருக்கும் பொருந்தாது. அதே துறையில் அடுத்த படிக்குப் போகிறவருக்குப் பழைய கால வரிசையே நல்லது. உரிமமோ குறிப்பிட்ட பட்டமோ கட்டாயமான வேலையில் அதுதான் முதலில் பார்க்கப்படும். திறன் தலைப்பு அதற்கு ஈடாகாது.

கடைசியில் ஒன்றரைப் பக்கம் வந்தது. உறுதிமொழியை எடுக்க மட்டும் அவருக்கு மனமே வரவில்லை; கையெழுத்து இல்லாமல் எப்படி என்று இரண்டு முறை கேட்டார். 9, 10ஆம் வகுப்புக் கணக்கு இப்போது வேலை வரலாற்றில் ஒரே ஒரு வரி.