சாட்சி வீடியோ: ஒளிபரப்புவதற்கு முன்

“கர்த்தர் உங்கள் வாழ்வில் செய்த அற்புதத்தை இரண்டு நிமிட வீடியோவாக அனுப்புங்கள்.” தமிழ்க் கிறிஸ்தவ டிவி நிகழ்ச்சிகளிலும் யூடியூப் சேனல்களிலும் இப்படியான அழைப்பு பழகிப்போன ஒன்று. சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னால், சொல்பவர் யார், எங்கே வேலை செய்கிறார், போன மாதம் எந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பதெல்லாம் கேட்பவர்களுக்குத் தெரியும். கூட்டிச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே கண்டுபிடித்துவிடுவார். வீடியோவில் அந்தக் காவல் கிடையாது. அதை ஊழியக் குழுதான் செய்ய வேண்டும்.

வேலை அழைப்பிலேயே தொடங்குகிறது. ‘அற்புதம்’ அனுப்புங்கள் என்று கேட்டால் அற்புதம்தான் வரும். டாக்டரும் மாத்திரையும் கதையிலிருந்து கழன்றுவிடுவார்கள். என்ன பிரச்சினை, எப்போது தொடங்கியது, என்ன சிகிச்சை எடுத்தீர்கள், இன்னும் எடுக்கிறீர்களா, இப்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஜெபத்தைப் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு பெண் இப்படிப் பேசி அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்: “டிபின்னு சொன்னாங்க. உபவாச ஜெபத்துல கலந்துக்கிட்டேன். மூணாவது வாரமே இருமல் நின்னுடுச்சு. மாத்திரையும் நிறுத்திட்டேன். பூரண சுகம்!” அவர் பொய் சொல்லவில்லை. மருந்து எடுப்பவருக்குச் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் குறைந்துவிடும். ஆனால் கிருமி உடலில் மிச்சம் இருக்கும். அதனால்தான் சாதாரண டிபிக்குக்கூட வழக்கமாக ஆறு மாதம் மருந்து தருகிறார்கள். நடுவில் விட்டால் நோய் திரும்பலாம், அதே மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். இந்த வீடியோ அப்படியே போனால், பார்க்கிற இன்னொரு டிபி நோயாளி என்ன செய்வார்?

ஆகவே முதல் போன் ஒளிபரப்புக்காக அல்ல, அவரை மறுபடி சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதற்காக. பிறகு தேதிகளை வரிசைப்படுத்த வேண்டும்: நோயை உறுதி செய்த ரிப்போர்ட் எப்போது, மருந்து தொடங்கியது எப்போது, ஜெபக் கூட்டம் எப்போது, கடைசியாகச் சளிப் பரிசோதனை செய்தது எப்போது. டாக்டரிடம் பேச நோயாளியின் எழுத்து அனுமதி வேண்டும். சிகிச்சை முடிந்து சளியில் கிருமி இல்லை என்று வரும்வரை வீடியோ காத்திருக்கட்டும். “ஆறு மாத மருந்தையும் முடித்தேன், ஜெபம் என்னைத் தாங்கியது” என்று அவர் பேசினால், என் கணக்கில் அதுவே வலுவான சாட்சி.

சரிபார்க்க முடிவது இவ்வளவுதான். நோய் இருந்ததா, இப்போது இல்லையா என்பதை ரிப்போர்ட் சொல்லும். ஜெபத்தால்தான் போனதா என்பதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் 1883 முதல் இதற்கென்றே ஒரு மருத்துவக் குழு இயங்குகிறது. அங்கே பதிவான குணமடைதல்கள் ஏழாயிரத்துக்கும் மேல். புதுமை என்று திருச்சபை ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டியவை. மருத்துவர்கள் சொல்வது ‘இன்றைய மருத்துவ அறிவால் விளக்க முடியவில்லை’ என்பது மட்டும். புதுமை என்று அறிவிப்பது ஆயர். ஒரு யூடியூப் சேனல் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ‘இது இவருடைய சொந்த அனுபவம்; மருத்துவ ஆலோசனை அல்ல’ என்ற வரியைத் திரையில் படிக்கக்கூடிய நேரம் வைத்தால் போதும். ஜெப எண்ணெய் பாட்டிலைக் காட்டி “இதைத் தடவினேன், கேன்சர் போனது” என்றால் நிலைமை வேறு. நோய் தீர்க்கும் மாந்திரீகப் பொருள்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரக்கூடும்.

அடுத்தது சம்மதம். ஜெப உதவிக்கு எழுதிய கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ ஒளிபரப்புச் சம்மதம் ஆகாது. தனியாக, தமிழில், இப்படிக் கேட்கலாம்:

“என் வீடியோவை உங்கள் டிவி நிகழ்ச்சியிலும் யூடியூப் சேனலிலும் வெளியிடச் சம்மதிக்கிறேன். என் முகம் / பெயர் / ஊர் / நோயின் பெயர்: ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. சுருக்கினால் வெளியிடுமுன் எனக்குக் காட்ட வேண்டும். இதற்காக நான் பணம் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை. மறுத்தாலும் எனக்காக ஜெபிப்பது நிற்காது. எப்போது வேண்டுமானாலும் இதே எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பி வீடியோவை எடுக்கச் சொல்லலாம். மற்றவர்கள் ஏற்கெனவே பகிர்ந்த பிரதிகளை உங்களால் திரும்பப் பெற முடியாது என்பதை அறிவேன்.”

சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். குடிகாரக் கணவர் திருந்திய கதையில் அந்தக் கணவரின் சம்மதமும் வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

எடுக்கச் சொல்லி வரும் போன் பெரும்பாலும் மகளுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் வரும். அப்போது காரணம் கேட்காமல், யூடியூபில் மட்டுமின்றி ஃபேஸ்புக் பக்கத்திலும் ஷார்ட்ஸிலும் முகப்புப் படத்திலும் தேடி எடுக்க வேண்டும். எது எங்கே போனது என்று வெளியிடும் நாளிலேயே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அது பத்து நிமிட வேலை.