விடுபட்ட வரியைக் கண்டறியும் முறை

கணிப்பொறியில் இயங்கும் மொழி மாதிரிக்கு நாம் இடும் கட்டளையைப் பிராம்ப்ட் என்பர். அதில் நான்கு கட்டளைகள் இருந்து ஒன்றுமட்டும் நிறைவேறாமற் போகுமாயின், அவ்வரியை மீண்டும் அழுத்தமாக எழுதுவதே பலரின் வழக்கம். "கட்டாயம்" என்ற சொல்லைச் சேர்ப்பாரும் உண்டு. காரணம் அறியாமற் செய்யும் மருத்துவம் இது.

மூவாரில் ஓர் ஆசிரியர் பின்வருமாறு கட்டளையிட்டார் என்று கொள்வோம்:

"நான்காம் ஆண்டு மாணவர்க்கு ஏற்ற எளிய நடையில் மூவாரைப் பற்றி ஒரு பத்தி எழுதுக. எட்டு வாக்கியங்கள் அமைக. கிரந்த எழுத்து வரலாகாது. மூவார் அமைந்த மாநிலத்தின் பெயரும், சுல்தான் இப்ராகிம் ஜாமிக் பள்ளிவாசலின் பெயரும் இடம்பெறுக."

வந்த பத்தியில் நடையும் அளவும் சரியாக உள்ளன. கிரந்த எழுத்தோ ஆங்காங்கே தலைகாட்டுகின்றது. ஆகவே, மாதிரி மூன்றாம் கட்டளையைப் புறக்கணித்தது என்று தோன்றும்.

இதனைச் சோதிக்க அவ்வரியைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, "மூவாரைப் பற்றிக் கிரந்த எழுத்தின்றி ஒரு பத்தி எழுதுக" என்று மட்டும் கேட்க வேண்டும். பழைய உரையாடலிலேயே கேட்டால் முன்னைய பத்தி விடையைப் பாதிக்கும். ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வரக்கூடுமாதலின், ஐந்து முறையேனும் கேட்டு, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றைக் கண்ணாற் பார்த்து எண்ணுதல் நலம்.

தனித்து நின்றபோதும் பிழை தொடருமாயின், குறை அந்த வரியிலோ மாதிரியின் ஆற்றலிலோ உள்ளது. "கிரந்தம்" என்னும் சொல்லை விடுத்து, விலக்கவேண்டிய எழுத்துகளையே பட்டியலிட்டுப் பார்க்கலாம். அதுவும் பயன்தராவிடின், மனிதக் கையே திருத்த வேண்டும். மாதிரிகள் உரையை எழுத்தெழுத்தாக அன்றித் துண்டுதுண்டாகவே கையாள்வதால், எழுத்தைக் குறித்த கட்டளைகளில் தடுமாறுவது இயல்பே.

ஐந்து முறையும் பிழையின்றி வந்ததாயின், மற்றப் பகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டளையைத் திரும்பக் கட்ட வேண்டும். ஒரே வேளையில் இரண்டைச் சேர்த்தால் குற்றவாளி எதுவென்று தெரியாது. எளிய நடையைச் சேர்த்தபோது பிழையில்லை. எட்டு வாக்கியத்தைச் சேர்த்தபோதும் இல்லை. நான்காம் கட்டளை சேர்ந்ததும் 'ஜ' வந்துவிடுகின்றது. ஏன்? மாநிலத்தின் பெயர் ஜொகூர். பள்ளிவாசலின் பெயரில் ஜாமிக்! இரண்டு கட்டளைகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. மாதிரி ஒன்றைக் கைவிடாமல் மற்றொன்றை நிறைவேற்ற இயலாது. மூன்றாம் வரியை எத்துணை உரக்கச் சொன்னாலும், மாதிரி ஊர்ப்பெயரைச் 'சொகூர்' என்று சிதைக்குமேயன்றிச் சிக்கல் தீராது.

ஆகவே, "இடப்பெயர், கட்டடப் பெயர் நீங்கலாக, ஏனைய சொற்களில் கிரந்த எழுத்து வரலாகாது" என்று மாற்றி, முழுக் கட்டளையையும் மீண்டும் ஐந்து முறை ஓட்ட வேண்டும். புதிய வரியால் எட்டு வாக்கியம் பத்தாகி விட்டதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.