மறைத்த ஸ்லைடும் ‘நன்றி’க்குப் பின் வரும் ஸ்லைடும்

பவர்பாயின்ட் கோப்பில் கூட்டத்தின் கண்ணில் படாமல் போகும் ஸ்லைடுகள் இரண்டு வகை. Hide Slide கட்டளையால் மறைக்கப்பட்டவை ஒரு வகை. இடப்பக்கப் பட்டியலில் இவை மங்கலாகத் தெரியும். எண்ணின் மேல் ஒரு சாய்கோடு விழுந்திருக்கும். ‘நன்றி’ ஸ்லைடுக்குப் பிறகு வரும் பேக்கப் ஸ்லைடுகள் இன்னொரு வகை. யாராவது கேட்டால் காட்டலாம் என்று கையில் வைத்துக்கொண்டவை. பேக்கப் என்பது தயாராக வைத்த பதில். மறைத்த ஸ்லைடு அப்படியல்ல. அது ஏன் மறைக்கப்பட்டது என்பதைக் கோப்பு சொல்வதில்லை.

சுருக்கம் எழுதுபவரிடம் பெரும்பாலும் பிடிஎஃப்தான் வந்து சேரும். அச்சிடும்போது Print Hidden Slides தேர்வாகியிருந்தால், மறைத்த ஸ்லைடுகளும் எந்த அடையாளமும் இல்லாமல் மற்றவற்றோடு கலந்து வந்துவிடும். தேர்வாகாதிருந்தால் ஸ்லைடு எண் 6-லிருந்து 9-க்குத் தாவும். எண்ணே அச்சிடப்படாத கோப்பில் அந்தத் தடயமும் இருக்காது. ஆகவே மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதே முதல் வேலை.

ஒரு கற்பனை உதாரணம்: மருத்துவமனைக் கூரையில் சூரியத் தகடு பொருத்த நிர்வாகக் குழுவுக்குத் தயாரித்த 24 ஸ்லைடுகள். அதைப் பராமரிப்புப் பொறியாளர்களுக்குச் சுருக்க வேண்டும். ‘போட்ட பணம் 5 ஆண்டில் திரும்பும்’ என்கிறது 9-ஆவது ஸ்லைடு. கணக்கு பேக்கப்பில், 19-இல் இருக்கிறது: செலவு 80 லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 2 லட்சம் யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம். குழுவுக்கு முடிவு போதும். பொறியாளர் முதலில் கேட்பது ‘எத்தனை யூனிட்?’ என்றுதான். எனவே 19 சுருக்கத்தின் உடலுக்குள் வர வேண்டும். கட்டண ஒப்பீடு, நிறுவனங்களின் வரலாறு போன்ற மற்ற பேக்கப்களுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

மறைக்கப்பட்டவை 7-உம் 8-உம். 7-இல் வேறொரு நிறுவனத்தின் 72 லட்ச விலைப்புள்ளி. இதையும் சேர்த்து ‘நாலரை முதல் 5 ஆண்டு’ என்று எழுதிவிடும் ஆசை எளிதில் வரும். கேட்டால், அந்த விலை காலாவதியாகிவிட்டது என்கிறார் தயாரித்தவர். அது சுருக்கத்தில் வரவே கூடாது. 8-இல் பழைய கட்டடத்தின் கூரையை வலுப்படுத்த 6 லட்சம் ஆகும் என்ற குறிப்பு. கூட்டத்தில் நேரம் போதாது என்று மட்டுமே மறைத்திருக்கிறார். பொறியாளருக்கு அதுவே முக்கியம். ஆனாலும் இன்னொரு கேள்வி பாக்கி: அந்த 6 லட்சம் 80-க்குள் அடக்கமா? வெளியே என்றால் மொத்தம் 86. பணம் திரும்ப 5 ஆண்டு 4 மாதத்துக்கு மேல் ஆகும், குழு ஏற்ற முடிவோடு சுருக்கம் மோதும். அடக்கம் என்றால் 5 ஆண்டு அப்படியே நிற்கும், கூரை வேலை ஒரு பத்தியாகச் சேரும்.

அந்தப் பத்தியின் அருகே ‘கூட்டத்தில் காட்டப்படாத 8-ஆவது ஸ்லைடிலிருந்து’ என்று குறித்துவிட வேண்டும். இல்லையென்றால் குழு இதையும் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டது என்று பொறியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். தயாரித்தவரைப் பிடிக்கவே முடியாத நிலையில் மறைத்ததை விட்டுவிடுவதே பாதுகாப்பு. சம்பள விவரமோ ரகசிய விலையோ ஒருமுறை வெளியே போனால் திரும்ப வாங்க முடியாது. சுருக்கத்தோடு மூலக் கோப்பையும் இணைப்பதானால், பிரதி ஒன்று எடுத்து, அதில் அந்த ஸ்லைடுகளை அழித்த பிறகே அனுப்ப வேண்டும். மறைத்த ஸ்லைடை வெளிக்கொண்டுவர வலது கிளிக் ஒன்றே போதும்.