மொத்தக் கணக்கு மறைக்கும் ஏழு நாட்கள்

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் கம்பெனி குஞ்சும் தீவனமும் தரும்; வளர்ப்பது பண்ணைக்காரர். தினக்கணக்கு ஸ்கிரீன்ஷாட்டாக சூப்பர்வைசருக்குப் போகும். வளர்ப்புக் கூலி அந்த எண்களைப் பொறுத்தது என்பதால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

5,000 குஞ்சு விட்ட ஒரு செட்டின் 28ஆம் நாள் ஸ்கிரீன்ஷாட் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய இறப்பு 17, மொத்த இறப்பு 150, உயிரோடு இருப்பவை 4,850, சராசரி எடை 1,400 கிராம், வந்த தீவனம் 220 மூட்டை, இருப்பு 14 மூட்டை. முதலில் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். நேற்றைய 4,867இல் 17 போனால் 4,850, சரி. இது இடித்தால் ஏதோ ஒரு எண் தவறாகப் பதிவாகியிருக்கிறது.

அடுத்தது எஃப்.சி.ஆர். அதாவது ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனம். வந்ததில் இருப்பைக் கழித்தால் தின்றது 206 மூட்டை. மூட்டைக்கு 50 கிலோ வீதம் 10,300 கிலோ. 4,850 கோழியின் எடை 6,790 கிலோ. வகுத்தால் 1.52. இருப்பைக் கழிக்க மறந்தால் இதே செட் 1.62 என்று மோசமாகத் தெரியும். எடை போடும்போது கைக்கு எட்டிய பெரிய கோழிகளையே பிடித்து, சராசரி 50 கிராம் கூடிவிட்டால் 1.46 என்று பொய்யாக அழகு காட்டும். செட்டின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றிலும் பிடித்து எடை போடுவது இதனால்தான்.

மொத்த இறப்பு 3 சதவீதம். 28 நாளுக்கு இது பயப்படும் எண் அல்ல. ஆனால் வாரவாரியாகப் பிரித்தால் 50, 20, 22, 58. முதல் வாரத்தில் நலிந்த குஞ்சுகள் கழிந்து, இறப்பு குறைந்து, மறுபடி ஏறியிருக்கிறது. கடைசி வாரத்தை நாள்வாரியாகப் பார்த்தால் 3, 4, 5, 7, 9, 13, 17. வெயில் தாக்கினால் ஒரே பிற்பகலில் இறப்பு எகிறும். சூடு தணிந்தால் இறங்கும். இப்படி ஒரு நாள்கூட இறங்காமல் படிப்படியாக ஏறினால் நோய் பரவுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தீவனப் பத்தியும் அதையே சொல்கிறதா என்று பார்க்கலாம். இந்த வயதில் தீனி நாளுக்கு நாள் கூட வேண்டும். கடைசி நான்கு நாளில் 13, 12, 12, 11 மூட்டை என்று இறங்கினால் உயிரோடு இருப்பவையும் தீனி எடுக்கவில்லை என்று பொருள்.

இந்த வயதில் சாகும் ஒவ்வொரு கோழியும் சுமார் 2 கிலோ தீவனம் தின்றிருக்கும். அந்தத் தீவனம் கணக்கில் நிற்கும், எடை நிற்காது. 1.52 நல்ல எண்தானே என்று காத்திருந்தால் சில நாளில் அதுவும் கெடும். 17 வந்த அன்றே, செத்த கோழிகளில் சிலவற்றைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ப் போஸ்ட்மார்ட்டம் பார்க்கச் சொல்ல வேண்டும். கூடவே கடைசி ஏழு நாள் இறப்பையும் தீனியையும் காட்ட வேண்டும்.