மோட்டார் ஓடுகையில் பிழைபடும் நீர்மட்டக் கருவி

முக்கூடலில் தாமிரபரணிக் கரையை அடுத்த வாழைத் தோட்டம் ஒன்றில், நமது அங்கத்தினர் ஒருவர் தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் உணர்வி ஒன்றைப் பொருத்தியுள்ளார். அதன் கம்பி 80 மீட்டர் ஓடி மோட்டார் அறையை அடைகிறது. 1 மீட்டர் நீருக்கு 1 வோல்ட் என்பது கணக்கு. மோட்டார் நிற்கையில் அளவு அசையாது. மோட்டார் ஓடினாலோ 40 சென்டிமீட்டர் மேலும் கீழும் தாவுகிறது. தொட்டி நிரம்பிற்றென்று கருவி மோட்டாரை நிறுத்தும். நின்றதும் அளவு சரியாகி, மீண்டும் ஓட்டும். இதனால் ஸ்டார்ட்டரின் தொடுமுனைகள் கருகின. அவர் புதிய உணர்வி வாங்கவிருந்தார். ஆனால் பழுது உணர்வியில் இல்லை. மோட்டார் நின்றதும் அளவு சரியாவதே அதற்குச் சான்று.

உணர்வியின் எதிர்முனைக் கம்பியும் கவசமும் தொட்டியருகே ஓர் எர்த் கம்பியிலும், மோட்டார் அறையில் மற்றோர் எர்த்திலும் இணைக்கப்பட்டிருந்தன. மோட்டார் ஓடுகையில் கசியும் மின்சாரம் நிலத்தினுள் இறங்குவதால் இரு எர்த்துகளின் மின்மட்டம் வேறுபடுகிறது. மட்டம் வேறுபட்ட இரு வாய்க்கால்களைக் குழாயால் இணைத்தாற்போல, அளவுக் கம்பி வழியே வேண்டாத மின்சாரம் ஓடி உண்மை அளவுடன் கலக்கிறது. இதுவே எர்த் வளையம்.

சோதிக்கும் முறை எளிது. தொட்டியருகே எதிர்முனையையும் கவசத்தையும் எர்த்திலிருந்து கழற்றி, கழற்றிய முனைக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டரால் மாறுமின் வோல்ட்டை அளக்க வேண்டும். இங்கே மோட்டார் ஓடுகையில் சுமார் 0.3 வோல்ட் காட்டியது. நிறுத்தியதும் ஏறத்தாழ மறைந்தது.

கழற்றிய முனைகளை நாடாச் சுற்றி அப்படியே விட்டு, மோட்டார் அறையில் மட்டும் எர்த் வைத்ததும் தாவல் 10 சென்டிமீட்டராகக் குறைந்தது. எஞ்சியது, மோட்டார்க் கம்பியுடன் ஒரே பள்ளத்தில் கிடந்ததால் வந்த இரைச்சல். அளவுக் கம்பியை முறுக்கிணைக் கவசக் கம்பியாக மாற்றி, மோட்டார்க் கம்பியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் விலக்க வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கச் செய்க.

இறுதியாக வடிகட்டி. கருவியின் நுழைவாயிலில் அளவுக் கம்பியுடன் தொடராக 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதன் பின் எதிர்முனைக்கு 10 மைக்ரோபாரட் கண்டென்சரும் வைத்தால், 50 சுழற்சி இரைச்சல் ஏறக்குறைய 31ல் ஒரு பங்காகும். இதனால் அளவு மாற அரை விநாடி தாமதமாகும். நீர்மட்டத்திற்கு அது பொருட்டன்று. கருவியின் உள்ளீட்டுத் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும். இல்லையேல் அளவு குறைந்து காட்டும்.

உணர்வியின் உடல் உள்ளேயே எதிர்முனையுடன் இணைந்து நீரைத் தொட்டால், முனையைக் கழற்றியும் வளையம் ஒழியாது. அப்போது ஐசோலேட்டர் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கழற்றத் தக்கது அளவுக் கம்பியின் ஓர் முனை எர்த் மட்டுமே. மோட்டாரின் எர்த்தை ஒருபோதும் கழற்றலாகாது. அது உயிர் காப்பது.