நாற்பது வினாடியில் ஒரு புதுமனை அழைப்பு

அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முதலில் செய்து வந்த வீடியோ அழைப்பிதழ் இரண்டு நிமிடம் ஓடியது. கதவு திறந்தது, பூ உதிர்ந்தது, குத்துவிளக்கு சுழன்றது. நாளும் நேரமும் ஒன்றரை நிமிடம் கழித்து வந்து மூன்றே வினாடியில் மறைந்தன. அன்று மாலையே பெரியப்பா போன் செய்தார். "வீடியோ பாத்தேம்மா, நல்லா இருந்துச்சு. முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"

அதை 40 வினாடிக்குச் சுருக்கினோம். பிள்ளையார் படமும் 'புதுமனை புகுவிழா' என்ற தலைப்பும் 5 வினாடி, அழைப்பவர் பெயர்கள் 8, நாளும் முகூர்த்தமும் 12, முகவரி 10, கடைசி 5 வினாடி வீட்டின் படத்தோடு மறுபடியும் நாளும் நேரமும். திரையில் இருப்பதை வாய்விட்டு நிதானமாக இருமுறை படித்துப் பார்த்தோம். அதற்கு ஆன நேரம் முழுக்க எழுத்து அசையாமல் நின்றது.

கிரகப்பிரவேசம் பெரும்பாலும் விடிவதற்கு முன்பே நடக்கும். வெறுமனே 'ஞாயிறு 4.30' என்று போட்டால் மாலை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. 'ஞாயிறு விடியற்காலை 4.30 முதல் 6 வரை, காலை உணவு 7.30 முதல்' என்று எழுதினோம். பூஜைக்கு வர முடியாதவர்கள் சாப்பாட்டு நேரத்துக்காவது வந்துவிடுவார்கள்.

எழுத்தின் நிறத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வீடியோ பதிவில் வெளிச்ச வேறுபாடு நுணுக்கமாகவும், நிற வேறுபாடு அதைவிடக் குறைவாகவும் சேமிக்கப்படுகிறது. வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்குகிறது. அதனால் சிவப்பின் மேல் பச்சையோ மெல்லிய தங்க எழுத்தோ ஓரம் கரைந்துபோகும். அடர்சிவப்பின் மேல் வெள்ளைக்கு நெருங்கிய இளமஞ்சளில் தடித்த எழுத்து தெளிவாக நிற்கும். ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் வீட்டிலுள்ள பழைய போனுக்கு ஒருமுறை அனுப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாத எடிட்டிங் செயலிகளும் இருக்கின்றன. அவற்றில் 'செ' என்று அடித்தால் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும். எழுத்தைத் தனியே படமாகச் செய்து வீடியோவுக்குள் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இசைக்கு நாதஸ்வரம் போதும், தவிலை அடக்கி வைக்கலாம். மல்லாரி மட்டும் வேண்டாம். அது சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. சினிமாப் பாட்டுப் போட்டு யூடியூபிலோ பேஸ்புக்கிலோ ஏற்றினால் உரிமைப் பிரச்சினையில் ஒலி அடைபடலாம். தியாகராஜர் கீர்த்தனைக்கு இன்று உரிமைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அதை ஒருவர் வாசித்த ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் இருக்கக்கூடும். தெரிந்த வித்வானிடம் கேட்டு ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

வீடியோவுக்குள் போடும் மேப் லிங்க்கை யாராலும் தொட்டுத் திறக்க முடியாது. அதை அடுத்த செய்தியாகத் தனியே அனுப்ப வேண்டும். கூடவே, 'தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்த்தெரு, மூன்றாவது வீடு' என்று ஒரு வரியும் சேர்த்தோம். புது நகர்களில் மேப் பல நேரம் பின்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.