காலங்கடந்த ஆவணமும் காக்கவேண்டிய ஆவணமும்

வங்கியின் தரவுத்தளத்தில் இரவுதோறும் தானே இயங்கும் நிரல் ஒன்று உண்டு. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த ஆவணங்களைத் தேடி அழிப்பதே அதன் பணி. பிற நிரல்கள் பிழை செய்தால் விரைவிலேயே தெரியும். கணக்கில் தொகை குறைந்தால் வாடிக்கையாளர் மறுநாளே கிளைக்கு வந்து நிற்பார். அழிப்பு நிரலின் பிழைக்கு முறையிடுவார் எவருமில்லை. விசாரணை அலுவலர் ஒருவர் ஆவணத்தைக் கேட்கும்போதுதான் அது அங்கில்லை என்பது வெளிப்படும். எனவே இந்நிரல் தவறு செய்யக்கூடிய இடங்களைப் பணியில் அமர்த்துமுன்னரே நாம் தேடிச் செல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு விதியைக் கொள்வோம். இந்தியாவின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், 2002-இன் 12-ஆம் பிரிவு இருவகை ஆவணங்களுக்கு இருவேறு தொடக்க நாள்களைக் குறிக்கிறது. பரிமாற்றப் பதிவுகளை அப்பரிமாற்றம் நடந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களையோ வங்கியுடனான உறவு முடிந்த நாள், கணக்கு மூடப்பட்ட நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். காலம் இரண்டிற்கும் ஒன்றே. அதை எண்ணத் தொடங்கும் நாள்தான் வேறு. பிழைகள் பெரும்பாலும் நுழைவது இந்தத் தொடக்க நாள் வழியாகத்தான்.

அடையாள ஆவணங்களை அழிக்க ஒரு நிரலர் இவ்வாறு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

```sql
DELETE FROM kyc_documents d
USING accounts a
WHERE a.customer_id = d.customer_id
  AND a.closed_on < CURRENT_DATE - INTERVAL '5 years';
```

மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. இதைச் சோதிக்கச் சிறிய மாதிரித் தரவு போதும். முதல் வாடிக்கையாளர் தம் ஒரே கணக்கை 2018-இல் மூடியவர். இரண்டாமவர் சென்ற ஆண்டு மூடியவர். மூன்றாமவர் சேமிப்புக் கணக்கை 2018-இல் மூடினார்; ஆனால் அவருடைய வைப்புநிதிக் கணக்கு இன்றும் நடப்பில் உள்ளது. நிரலை ஓட்டினால் முதலாமவரின் ஆவணம் முறைப்படி அழிகிறது, இரண்டாமவருடையது நிற்கிறது, மூன்றாமவருடையதும் அழிந்துபோகிறது. வங்கியோடு இன்றும் உறவுள்ள ஒருவரின் அடையாளச் சான்று காணாமற்போயிற்று. காரணம் எளிது: ஏதேனும் ஒரு பழைய கணக்கு மூடப்பட்டிருக்கிறதா என்று நிரல் கேட்டது, கணக்குகள் அனைத்தும் மூடப்பட்டனவா என்று சட்டம் கேட்கிறது.

திருத்தம் இவ்வாறு அமையலாம்:

```sql
DELETE FROM kyc_documents d
WHERE NOT EXISTS (
  SELECT 1 FROM accounts a
  WHERE a.customer_id = d.customer_id
    AND (a.closed_on IS NULL
         OR a.closed_on >= $1::date - INTERVAL '5 years'));
```

காக்கவேண்டிய கணக்கு ஒன்றும் இல்லாதபோது மட்டுமே அழி என்பது இதன் பொருள். மூன்றாமவர் தப்பினார். ஆனால் நான்காவதாக ஒருவரை மாதிரியில் சேர்த்துப் பாருங்கள்: இன்று காலை ஆவணங்களை ஒப்படைத்தவர், கணக்கு நாளைதான் திறக்கப்படும். அவருக்குக் கணக்கே இல்லை. ஆகவே காக்கவேண்டிய கணக்கும் இல்லை. நிபந்தனை நிறைவேறியதாகவே நிரல் கொள்ளும். இன்றிரவே அவர் ஆவணம் அழியும். பழைய கணக்குப் பதிவுகளை வேறொரு சேமிப்பகத்திற்கு மாற்றிய வங்கியிலும் இதே கேடு நேரும். மூடப்பட்ட கணக்கு ஒன்றேனும் உண்டு என்ற உடன்பாட்டு நிபந்தனையையும் சேர்த்தாலன்றி இவ்வோட்டை அடையாது. வெறுமையை இசைவாகக் கொள்ளும் இப்பிழை, இத்துறையில் எல்லாவற்றினும் கொடியது என்பது என் கருத்து. திருத்தும் கையே அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

திருத்திய வடிவில் `CURRENT_DATE` நீங்கி `$1` வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இன்றைய நாளை நிரல் தானே கேட்டறியாமல் வெளியிலிருந்து பெற வேண்டும். அப்போதுதான் சோதனையாளர் எந்த நாளையும் கொடுத்து ஓட்டிப் பார்க்க இயலும். முதலிற் கொடுக்கவேண்டியவை எல்லை நாள்கள்: 5 ஆண்டு நிறைவுக்கு முந்திய நாள், நிறைவு நாள், அதற்கு அடுத்த நாள். பின்னர் நெட்டாண்டு. 2020 பிப்ரவரி 29 அன்று மூடப்பட்ட கணக்கை எடுத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அந்நாளோடு 5 ஆண்டுகளைக் கூட்டினால் 2025 பிப்ரவரி 28 கிடைக்கும். காலக்கெடுவைக் கூட்டிக் கணித்து, கெடு நாளன்றே அழிக்கும் நிரல் அந்த 28-ஆம் நாளே அழித்துவிடும். மேலே உள்ளதுபோல இன்றைய நாளிலிருந்து கழித்துக் கணிக்கும் நிரல் மார்ச் 1 வரை பொறுக்கும். எது சரி என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் வங்கியின் சட்டப் பிரிவினர். அந்த வேறுபாட்டைக் கண்டு அவர்கள்முன் வைப்பதோடு சோதனையின் கடமை முடிகிறது.

வழக்கோ விசாரணையோ நடக்கும்போது காலம் கடந்தாலும் ஆவணத்தைத் தொடக்கூடாது. அதற்கென ஓர் அழிப்புத்தடைப் பட்டியல் இருக்கும். அப்பட்டியலில் இல்லாதவரை மட்டும் அழி என்று `NOT IN` கொண்டு எழுதுவது பலரின் வழக்கம். பட்டியலின் ஒரு வரியில் வாடிக்கையாளர் எண் நிரப்பப்படாமல் `NULL` என்று இருந்தால் போதும். எவரையும் பட்டியலில் இல்லாதவர் என்று தரவுத்தளம் உறுதியாகச் சொல்லாது. விளைவு, எதுவும் அழியாது. பதிவேட்டில் `DELETE 0` என்றிருக்கும். பணி வெற்றி என்றும் இருக்கும். மாதக்கணக்கில் இது தொடரலாம். காக்கவேண்டியது காக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்கும் சோதனை இதைப் பிடிக்காது. அழியவேண்டியது அழிந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இவ்விரு கேள்விகளுக்கும் விடையை நிரலிலிருந்தே எடுத்தால் சோதனை தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும். நிரலின் நிபந்தனையைச் சோதனையிலும் படியெடுத்தால் பிழையும் சேர்ந்தே படியாகும். காக்கவேண்டியோர் பட்டியலை நிரலை எழுதாத ஒருவர், சட்ட வாசகத்தை மட்டும் முன்வைத்து, மாதிரித் தரவில் பெயர்பெயராகக் குறிக்க வேண்டும். அவ்வாறு அமைத்த சோதனை விழிப்போடு இருக்கிறதா என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. நிரலை வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்: `>=` என்பதை `>` ஆக்குங்கள், தடைப்பட்டியல் நிபந்தனையை நீக்குங்கள், `IS NULL` பகுதியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் சோதனை தோற்க வேண்டும். கெட்ட நிரலையும் அது தேற்றிவிடுமானால், அந்த இடத்தைக் காட்டும் மாதிரி வரி இன்னும் எழுதப்படவில்லை என்று பொருள்.

பல நிறுவனங்களில் அழிப்பு இரு கட்டமாக நடக்கிறது: முதல் நாள் குறியிடுதல், சில நாள் கழித்து நீக்குதல். இந்த இடைவெளியில் நீதிமன்றத் தடை வந்தால் என்னாகும்? குறியிடும்போது மட்டும் பட்டியலைப் பார்த்த நிரல், நீக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும். குறியிட்டபின் தடையைச் சேர்த்து, அதன்பின் இரண்டாம் கட்டத்தை ஓட்டும் சோதனை ஒன்று கட்டாயம் வேண்டும்.

மாதிரித் தரவில் தேறிய நிரலை, மெய்யான தரவின் மீட்டெடுத்த படியொன்றில் அழிக்காமல் எண்ண மட்டும் விடுங்கள். நாளொன்றுக்குச் சில நூறு வரவேண்டிய இடத்தில் பல்லாயிரம் வந்தால், காரணம் தெரியும்வரை நிறுத்துங்கள். அதே வரம்பை நிரலுக்குள்ளும் வையுங்கள். வரம்பை மீறும் இரவில் அது ஒன்றையும் அழிக்காமல் ஆளைக் கூப்பிடட்டும். காப்புப்படி இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டா. காப்புப்படிக்கும் வைத்திருப்புக் காலம் உண்டு: அமேசானின் ஆர்.டி.எஸ். தரவுத்தளச் சேவையில் தானியங்கிக் காப்புப்படிகளை அதிகபட்சம் 35 நாள்களே வைத்திருக்க முடியும்.